மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் ஏறுகிறது

2022 செப்டம்பர் 12, இரவு ஒன்பதரை மணி வாக்கில் செகந்திராபாத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடம், மேலே தங்கும் விடுதி. வேலை விஷயமாக வெளியூர்களிலிருந்து வந்து அறை எடுத்திருந்தவர்கள் மேலே இருந்தார்கள். கீழே வண்டிகளும் பேட்டரிகளும் எரிய, புகை மாடிப்படி வழியாக ஏறியது. இறங்கி ஓட அந்த ஒரு படிக்கட்டுதான் வழி, அதில் புகை நிறைந்துவிட்டது. சிலர் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். சிலரைத் தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து இறக்கினார்கள். 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை.

தியாகதுருகத்திலிருந்து செகந்திராபாத் வெகு தூரம். ஆனால் அந்தக் கட்டட அமைப்பு நமக்கு அந்நியமில்லை. மலைக்கோட்டையைப் பார்த்தபடி இருக்கும் நம் கடைவீதியானாலும் சரி, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரமானாலும் சரி, கட்டடம் என்றால் இப்படித்தான்: முன்பக்கம் இரும்பு ஷட்டர் போட்ட கடை, பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், பக்கவாட்டில் மூன்றடி அகலத்தில் ஒரு மாடிப்படி, மேலே கடைக்காரரின் வீடோ வாடகைக் குடியிருப்போ. கீழே மளிகைக் கடை இருக்கும்வரை இந்த அமைப்பு பெரிய கேள்வியை எழுப்பவில்லை. அங்கே இப்போது மின்சார வண்டி ஷோரூமோ, பேட்டரி சர்வீஸோ வந்திருக்கிறது. இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டும்போது உள்ளே நான்கு பேட்டரிகள் சார்ஜில் இருக்கின்றன.

பழைய ஆசிட் பேட்டரி கடைகளில் இது அன்றாட வழக்கம். சாயங்காலம் வரிசையாக மாட்டிவிட்டுப் போனால் காலையில் ஏறியிருக்கும். ஆசிட் பேட்டரிக்கும் ஆபத்து உண்டு. அதிகமாகச் சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பொறி பட்டால் வெடிக்கும். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈயமும் தண்ணீர் கலந்த அமிலமும். லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றும் கரைப்பான். அதை ஒட்டியே சூட்டில் ஆக்சிஜனை வெளிவிடக்கூடிய உலோக ஆக்சைடு. எரிபொருளும் அது எரியத் தேவையானதும் ஒரே டப்பாவில் அடைபட்டிருக்கின்றன. பேட்டரி மாறிவிட்டது, பட்டறையின் பழக்கம் மாறவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

ஒரு செல் கெடுவது எப்படி என்று பார்ப்போம். உள்ளே நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இருக்கிறது. செல்லின் சூடு 80, 100 டிகிரியைத் தாண்டும்போது எதிர்முனையின் மேலிருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவே மேலும் சூட்டைக் கிளப்பும். 130 டிகிரி வாக்கில் சவ்வு உருகுகிறது, முனைகள் தொட்டுக்கொள்கின்றன. அதற்குப் பிறகு வெளியிலிருந்து சூடு தேவையில்லை, செல் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்கிறது. சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைத் தாக்க, பேட்டரி முழுவதும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன.

தீ தெரிவதற்கு முன் பெரும்பாலும் வாயுதான் வருகிறது. விரல் பருமனுள்ள ஒற்றைச் செல் இப்படிக் கெட்டால், அதன் ரசாயனத்தைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு லிட்டர்வரை வாயு வெளியேறும் என்று சோதனைக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். ஒரு சாதாரண ஸ்கூட்டரின் 2 யூனிட் பேட்டரிக்குள் அத்தகைய செல்கள் இருநூற்றுக்கு மேல் இருக்கலாம். குறைந்த கணக்கில் பார்த்தாலும் 600, 700 லிட்டர் ஆகிறது. அதில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கணிசமான பங்கு, கொஞ்சம் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் சேர்ந்திருக்கும். வண்டியின் பிளாஸ்டிக் உடலும் சீட் ஸ்பாஞ்சும் எரியும் கரும்புகை இதற்கு மேல். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது.

பட்டறையில் இருப்பவர் முதலில் கவனிப்பது சத்தமாக இருக்கலாம். பிரஷர் குக்கர் விசில் போடுமுன் வருவது போன்ற சீறல், நடுநடுவே பட் பட் என்ற வெடிப்பு. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை நினைவூட்டும் இனிப்பான வாடை வரலாம். பிறகு வெள்ளைப் புகை. அதைத் தண்ணீர் ஆவி என்று நினைத்துக் குனிந்து பார்ப்பவர்கள் உண்டு. அது எரியக்கூடிய ஆவி. மூடிய அறையில் அது சேர்ந்தபின் ஒரு பொறி பட்டால் ஷட்டரையே பிய்த்தெறியும். ‘எங்களுடையது எல்.எஃப்.பி., தீப்பிடிக்காது’ என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் எளிதில் கெடாது என்பது உண்மை, வெளிவிடும் சூடும் குறைவு. ஆனால் கெட்டால் அதுவும் வாயு விடும், அந்த வாயுவில் ஹைட்ரஜன் கணிசமாக இருக்கும். பூட்டிய அறையில் அது சிறிய விஷயமில்லை.

வீட்டில் சார்ஜ் ஏறும் வண்டியைவிடப் பட்டறையில் நிற்கும் வண்டி கூடுதல் ஆபத்தானது. காரணம் எளிது. நல்ல பேட்டரியை யாரும் பட்டறைக்குத் தூக்கி வருவதில்லை. சார்ஜ் நிற்கவில்லை, கிலோமீட்டர் குறைந்துவிட்டது, மழையில் நனைந்தது, வண்டி விழுந்தது என்று பழுதானவை மட்டுமே வடிகட்டி அங்கே வந்து சேர்கின்றன. வந்தவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிச் சார்ஜும் போடுகிறோம்.

அங்கே நடக்கும் தவறுகளில் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ‘48 வோல்ட் சார்ஜர்’ என்று பட்டறையில் தொங்குவது ஒரே சாமான் அல்ல. வழக்கமான லித்தியம் (என்.எம்.சி.) பேட்டரியில் 13 செல்கள் தொடராக இருக்கும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் உச்சம், ஆக முழு சார்ஜ் 54.6 வோல்ட். எல்.எஃப்.பி. வகையில் 16 செல்கள், செல்லுக்கு 3.65, முழு சார்ஜ் 58.4 வோல்ட். பழைய ஆசிட் பேட்டரி நான்கைத் தொடராக வைத்த 48 வோல்ட் வண்டியின் சார்ஜரும் 58, 59 வோல்ட் வரை ஏற்றும். மூன்றுக்கும் லேபிளில் 48 என்றே எழுதியிருக்கும். பல மலிவு வண்டிகளில் மூன்றுக்கும் ஒரே மாதிரி பிளக்தான், கம்ப்யூட்டருக்கு மாட்டும் மூன்று முள் வயர் போன்றது. எதில் வேண்டுமானாலும் போய் உட்காரும்.

இப்போது 58.4 வோல்ட் சார்ஜரை 13 செல் பேட்டரியில் மாட்டினால் ஒவ்வொரு செல்லுக்கும் ஏறத்தாழ 4.5 வோல்ட் விழும். 4.2-ல் நிற்க வேண்டிய செல்லுக்கு இது பெரிய மீறல். எதிர்முனையால் உள்வாங்க முடியாத லித்தியம் அதன் மேல் உலோகமாகப் படிகிறது, நேர்முனை நிலைகுலைந்து சூடாகிறது. வழக்கமாக இதைத் தடுப்பது பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் பலகை. எந்தச் செல்லாவது எல்லை தாண்டினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே தவறான சார்ஜர் மாட்டினாலும் பெரும்பாலான நாட்களில் எதுவும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காத அந்த நாட்கள்தான் மெக்கானிக்குக் கெட்ட பாடம் கற்பிக்கின்றன. பி.எம்.எஸ்.ஸின் சுவிட்ச் ஷார்ட்டாகிப் பழுதான ஒரு பேட்டரியோ, ‘அடிக்கடி கட் ஆகுது’ என்று யாரோ முன்பே பைபாஸ் செய்துவிட்ட பேட்டரியோ வரும் இரவில் தடுக்க எதுவும் மிச்சமிருக்காது. ஆசிட் பேட்டரியைக் கழற்றி லித்தியம் போட்டுக்கொண்டு பழைய சார்ஜரையே வைத்திருக்கும் வண்டிகளில் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சார்ஜரின் ‘அவுட்புட்’ என்ற வரியில் 54.6 என்று இருக்கிறதா, 58.4 என்று இருக்கிறதா என்று படிக்க அரை நிமிடம் போதும். மல்டிமீட்டரில் அளந்து, பெயின்டில் பெரிதாக எழுதி வைத்தால் அடுத்த ஆளுக்கும் தெரியும். தோளில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர்களும் இதே பட்டறைக்குத்தான் வருகின்றன. அவற்றிலும் ஆசிட் போய் லித்தியம் வந்துகொண்டிருக்கிறது, அதே குழப்பம் 12 வோல்ட்டில்.

இன்னொரு வழக்கம் செத்த பேட்டரிக்கு உயிர் கொடுப்பது. ஆறு மாதம் ஓட்டாமல் நின்ற வண்டி. செல்கள் 2 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டன, பி.எம்.எஸ். சார்ஜை ஏற்க மறுக்கிறது. மெக்கானிக் அதைத் தாண்டி நேரடியாகச் செல்களுக்குக் கொஞ்ச நேரம் கரன்ட் கொடுத்து ‘பூஸ்ட்’ செய்கிறார். வண்டி ஓடுகிறது, வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போகிறார். ஆனால் அவ்வளவு கீழே போன செல்லில் எதிர்முனையின் செம்புத் தகடு கரைந்திருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து முனைகளுக்கு நடுவே பாலம் கட்டும். அது அன்றே எரிய வேண்டுமென்பதில்லை, வாரங்கள் கழித்தும் ஷார்ட் ஆகலாம். பி.எம்.எஸ். மறுத்தது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான். சந்தேகமான பேட்டரியைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சார்ஜ் ஏற்றி, எதிலும் மாட்டாமல் ஒரு நாள் வைத்துவிட்டு ஒவ்வொரு செல் வரிசையின் வோல்ட்டையும் அளக்க வேண்டும். மற்றவை அப்படியே நிற்க, ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதற்குள் கசிவு இருக்கிறது. சும்மா இருக்கும் பேட்டரி கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ, உப்பியிருந்தாலோ அளக்கவே வேண்டாம், வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

தண்ணீர் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம், கடலூரோடு கள்ளக்குறிச்சியும் பாதிக்கப்பட்டது. அரசு மூன்று மாவட்டங்களிலும் குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. வெள்ளத்தில் மூழ்கிய பெட்ரோல் வண்டியை ஆயில் மாற்றி, கார்புரேட்டரைத் துடைத்து ஓட்டிவிடலாம். மூழ்கிய லித்தியம் பேட்டரியை வெளியே துடைத்து வெயிலில் வைத்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே இணைப்புத் தகடுகளில் துரு ஏறி, உப்பும் சேறும் மின்சாரத்துக்கு வழி போட்டுக்கொண்டிருக்கும். 2022-ல் ஃப்ளோரிடாவை இயான் சூறாவளி தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் நாட்கள், வாரங்கள் கழித்துத் தீப்பிடித்தன. நம் ஏரித் தண்ணீர் அவ்வளவு உப்பு இல்லை, ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஷோரூமுக்குள் மற்ற வண்டிகளோடு நிறுத்தக்கூடிய பொருள் அல்ல. சரி, வெள்ளம் அபூர்வம், வாட்டர் சர்வீஸ் வாரம்தோறும் நடக்கிறது. பேட்டரிப் பெட்டி மூடியின் ரப்பர் வாஷர் பிய்ந்திருக்கும் வண்டியில் பிரஷர் தண்ணீரை அடித்துவிட்டு உடனே சார்ஜில் போடுவது ஒரு சிறு வெள்ளத்தை நாமே வரவழைப்பதுதான்.

கல்வராயன் மலைப் பக்கத்து வண்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும் ஸ்கூட்டரின் பேட்டரி, சமவெளியில் ஓடுவதைவிட அதிக கரன்ட்டை இழுத்து உள்ளேயே சூடாகும். பெரும்பாலான செல்களைச் சார்ஜ் செய்ய உச்ச வெப்பம் 45 டிகிரி. சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள்ளேயே 40-ஐத் தாண்டிவிடும். ஓட்டி வந்த சூட்டோடு ‘ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் ஏத்திக் குடு அண்ணே’ என்று கேட்டால், நிழலில் அரை மணி, முக்கால் மணி நிறுத்தி ஆறவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நல்ல வண்டியில் இதையும் பி.எம்.எஸ். பார்த்துக்கொள்ளும், மலிவு வண்டியில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

சட்டம் என்ன செய்தது? 2022 தமிழ்நாட்டுக்கும் மோசமான ஆண்டு. மார்ச் மாதம் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், புதிதாக வாங்கிய ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அடுத்த மாதம் குன்றத்தூர் சாலையில் ஒரு ஷோரூம் எரிந்தது. இப்படி நாடெங்கும் அடுத்தடுத்து நடந்த பிறகுதான் ஒன்றிய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற தர விதியைக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-லும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-லும் நடைமுறைக்கு வந்தன. பேட்டரிக்குள் வெப்ப உணரிகள், வாயு வெளியேற வழி, செல் கெடத் தொடங்கினால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கை என்று நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புது வண்டிக்கான விதி. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்குக் குறைவான, பதிவெண்ணும் லைசென்ஸும் தேவையில்லாத வண்டிகள் மோட்டார் வாகனக் கணக்கிலேயே வருவதில்லை. பட்டறையில் செல் மாற்றிக் கட்டிய பேட்டரியை யாரும் சோதிப்பதும் இல்லை. 2024 நவம்பர் 19-ல் பெங்களூரு ராஜாஜிநகரில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் எரிந்து, உள்ளே சிக்கிக்கொண்ட 20 வயதுப் பெண் ஊழியர் இறந்தபோது அந்த விதி வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

பட்டறையை நேரடியாகக் கட்டுப்படுத்த முயன்ற ஊர் நியூயார்க். உணவு டெலிவரி செய்பவர்களின் சைக்கிள்கள் அங்கே ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் அந்த நகரில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் ஜூன் 20 நள்ளிரவுக்குப் பின் சைனா டவுனில், மேடிசன் தெருவில், கீழ்த்தளத்தில் மின்சைக்கிள் ரிப்பேர் கடை இருந்த அடுக்கு வீட்டின் மேல்மாடிகளில் இருந்தவர்கள். முந்தைய ஆண்டே தீயணைப்புத் துறை அந்தக் கடைக்கு வந்து, சார்ஜ் போடும் முறையிலும் வயரிங்கிலும் குறை கண்டு அபராதம் போட்டிருந்தது. அபராதம் கட்டியாயிற்று, பேட்டரிகள் அங்கேயே இருந்தன.

அந்த நகரத்து விதிகளில் நமக்குப் பயன்படுவது இடைவெளி. ஐந்துக்கு மேல் சார்ஜ் போடும் கடையில் பேட்டரிகள் ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளியிருக்க வேண்டும், அறைக்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பத்துக்கு இருபதடிக் கடையில் இரண்டடி இடைவெளி என்றால் வருமானத்தில் கை வைப்பது போல்தான் இருக்கும். ஆனால் ஒரு பேட்டரியோடு முடிகிற தீக்கும் கடையே போகிற தீக்கும் வித்தியாசம் அந்த இரண்டடியில் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் இடைவெளிக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இடம். சார்ஜ் போடும் மேசை கடை வாசலிலோ மாடிப்படியின் அடியிலோ இருக்கக் கூடாது. பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்பதற்காகத்தான் பலர் அங்கே வைக்கிறார்கள். மெக்கானிக் கடையின் உள்ளே நிற்க, வாசலுக்கும் அவருக்கும் நடுவில் பேட்டரி எரிந்தால் பின்சுவர்தான் மிச்சம். மேசை சிமென்ட் சுவரை ஒட்டி, மேலே மரப்பலகையோ அட்டைப்பெட்டியோ இல்லாத இடத்தில், முடிந்தால் பின்புறம் திறந்த வெளியில் ஒரு தகரச் சாய்ப்புக்குக் கீழே இருக்கட்டும். கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே கதவோ ஜன்னலோ திறப்போ இருந்தால் அதை செங்கல் வைத்துப் பூச கொத்தனாருக்கு அரை நாள் வேலை. மெயின் சுவிட்ச் வாசல் பக்கம் இருக்க வேண்டும். ஷட்டரை இறக்கும்போது சார்ஜர்கள் நிற்க வேண்டும். காலையில் அவசரமாக வேண்டுமென்று கேட்பவருக்குக் காலையில்தான் ஏற்றித் தர முடியும். வெறுமனே வைத்திருக்கும் பேட்டரிகளை முழு சார்ஜில் வைக்காமல் குறைவாக வைப்பது நல்லது. விமானத்தில் சரக்காக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் கூடாதென்று 2016 முதல் விதி இருக்கிறது. சார்ஜ் குறைந்தால் கெடும்போது வெளிவரும் சூடும் குறையும்.

தீ பிடித்துவிட்டால்? ‘கரன்ட் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது’ என்பது சுவர் மின்சாரத்துக்குச் சரி. மெயினை அணைத்த பிறகு லித்தியம் அயன் பேட்டரிக்கு நல்ல மருந்து தண்ணீர்தான், அதுவும் ஏராளமாக, தள்ளி நின்று. தண்ணீர் பட்டால் வெடிக்கும் லித்தியம் உலோகம் என்று பள்ளியில் படித்தது இதற்குப் பொருந்தாது. இதில் லித்தியம் உப்பாகவும் சேர்மமாகவும்தான் பெரும்பாலும் இருக்கிறது. சுவரில் தொங்கும் பவுடர் சிலிண்டர் பக்கத்திலுள்ள அட்டையையும் ஆயிலையும் அணைக்க உதவும், பேட்டரியின் உள் சூட்டைத் தொடாது. தீ அடங்கியது போல இருந்து மறுபடி பற்றும். ஆனால் கடைக்காரர் இதையெல்லாம் செய்ய நிற்க வேண்டியதில்லை. சீறல் கேட்ட உடனே மெயினை அணைத்து, மாடியில் இருப்பவர்களைக் கீழே இறக்கி, 101-ஐ அழைத்து, ‘லித்தியம் பேட்டரி, இத்தனை வண்டி’ என்று சொல்வதுதான் அவர் வேலை. எரியும் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது வீரமாகத் தெரியும், அடுத்த செல் எப்போது பீய்ச்சும் என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே படியில் புகை ஏறிவிட்டால், மேலே இருப்பவர்கள் அதற்குள் இறங்கப் பார்க்காமல் படிப்பக்கக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்துவிட்டு மொட்டை மாடிக்கோ தெருப்பக்க ஜன்னலுக்கோ போக வேண்டும். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டு சாவியைக் கீழ்வீட்டில் வைத்திருக்கும் கட்டடங்கள் அந்தச் சாவியை இன்றே மேலே கொண்டுபோகலாம்.

அணைந்த பேட்டரியையும் உப்பிய பேட்டரியையும் மூலையில் சாக்குக்குள் போட்டு, காயலான் கடைக்காரர் வரும்வரை வைத்திருப்பது இன்னும் நடக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. டீலரிடம் கேட்க மெக்கானிக்குக் காரணம் இருக்கிறது. அதுவரை அதன் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஈரமில்லாத மணல் நிரப்பிய இரும்பு டிரம்மில், மூடியை இறுக்காமல், கட்டடத்திலிருந்து தள்ளி, வெயிலும் மழையும் படாத இடத்தில் வைக்க வேண்டும். எரிந்து அணைந்ததைக் குறைந்தது ஒரு நாளாவது யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள் மாலையில் புகைந்தவையும் உண்டு.